பூசம் வந்துவிட்டது, பௌர்ணமி எங்கே?

2025-ஆம் ஆண்டின் தைப்பூசம் பிப்ரவரி 11-ஆம் தேதி வந்தது. அன்று பகல் முழுக்கப் பூச நட்சத்திரம். மாலையில் பௌர்ணமி திதி பிறந்தது. நிலா முழு வட்டமானது மறுநாள் இரவு ஏழரை மணிவாக்கில். பூசமும் பௌர்ணமியும் ஏறக்குறைய கைகோத்து வந்தன என்று சொல்லலாம்.

நாள்காட்டித் தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டே வந்தால், அடுத்த பூசம் மார்ச் 10-ஆம் தேதி. சரியாக 27 நாள். ஆனால் அன்று காலையில் ஏகாதசி. எட்டு மணிக்குள் அது முடிந்து துவாதசி. பௌர்ணமிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. இன்னொரு 27 நாள் போனது, ஏப்ரல் 6-ஆம் தேதி மறுபடியும் பூசம். அன்றைக்கு நவமி, ஸ்ரீராமநவமி. வானத்தில் பாதியைவிடச் சற்றே பெரிய நிலா. அந்த மாதப் பௌர்ணமி நிறைவடைந்தது ஏப்ரல் 13 விடியற்காலையில், அதாவது ஆறரை நாள் கழித்து.

நட்சத்திரம் தவறாமல் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. பிறையின் வடிவம் மட்டும் ஒவ்வொரு தடவையும் இரண்டரை நாள் போலப் பின்தங்கிப் போகிறது. நிலா பூமியைச் சுற்ற எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், சிலர் 27 என்பார்கள், சிலர் இருபத்தொன்பதரை என்பார்கள். இரண்டும் சரியான விடைதான். ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கான விடை அல்ல.

எதை வைத்து ஒரு சுற்று?

வட்டமான பாதையில் ஓடும் ஒன்று ஒரு சுற்றை முடித்துவிட்டது என்று சொல்ல, எங்கிருந்து தொடங்கினோம் என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். நிலாவுக்கு அப்படி இரண்டு அடையாளங்களை வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, நட்சத்திரம். நட்சத்திரங்கள் மிகத் தொலைவில் இருப்பதால் நமக்கு அசையாத பின்திரைபோலத் தெரிகின்றன. இன்று ரோகிணிக்குப் பக்கத்தில் நிற்கும் நிலா, வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி ரோகிணிக்குப் பக்கத்தில் வந்து நிற்க 27 நாள், 7 மணி, 43 நிமிடம் ஆகிறது. இதுதான் நட்சத்திர மாதம். பூமியைச் சுற்றி நிலா முழுதாக 360 பாகை போய்வர உண்மையில் எடுத்துக்கொள்ளும் காலம் இதுவே. நிலாவின் பாதையை 27 நட்சத்திரங்களாக நம் முன்னோர் பிரித்ததும் ஏறக்குறைய நாளுக்கு ஒரு நட்சத்திரம் என்ற இந்தக் கணக்கில்தான்.

இன்னொரு அடையாளம், சூரியன். நிலாவின் பிறை வடிவம் நட்சத்திரங்களைப் பொறுத்தது அல்ல. நிலாவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில் அடிக்கிறது. அந்த வெயில் பட்ட பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே பிறை. சூரியன் இருக்கும் திசையிலேயே நிலாவும் இருந்தால் வெயில் பட்ட பக்கம் நமக்குத் தெரியாது; அமாவாசை. நேர் எதிர்த்திசையில் இருந்தால் அது முழுதாகத் தெரியும், பௌர்ணமி. ஆக, பிறை என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே நாம் காணும் கோணம். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம். இது சந்திர மாதம்.

பஞ்சாங்கத்தில் இந்த இரண்டு அளவும் தனித்தனியாக இருக்கின்றன. நட்சத்திரம் என்ற வரி, நிலா வான்வெளியில் எங்கே நிற்கிறது என்று சொல்கிறது; 13 பாகை 20 கலைக்கு ஒரு நட்சத்திரம். திதி என்ற வரி, நிலா சூரியனை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்கிறது; 12 பாகைக்கு ஒரு திதி. 27 நட்சத்திரம் முடிந்தால் நட்சத்திர மாதம். 30 திதி முடிந்தால் சந்திர மாதம். வாசலில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் பக்கம் பக்கமாக அச்சாகியிருப்பவை இரண்டு வெவ்வேறு கடிகாரங்கள்.

நகர்ந்துபோகும் சூரியன்

இரண்டுக்கும் ஏன் இரண்டே கால் நாள் வித்தியாசம்? சூரியன் என்ற அடையாளம் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதுதான் காரணம்.

பூமி சூரியனை ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதனால் பூமியில் இருக்கும் நமக்குச் சூரியன் நட்சத்திரங்களுக்கு ஊடே நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு பாகை கிழக்கே நகர்வதுபோல் தெரிகிறது. அது மேஷத்திலிருந்து ரிஷபத்துக்கும், ரிஷபத்திலிருந்து மிதுனத்துக்கும் மாறுவது இப்படித்தான். அதை வைத்துத்தான் சித்திரை, வைகாசி என்று நம் மாதங்கள் பிறக்கின்றன. நிலாவும் அதே கிழக்குத் திசையில்தான் போகிறது, ஆனால் நாளொன்றுக்கு 13 பாகைக்கும் சற்று அதிகம்.

இன்று பௌர்ணமி என்று வைத்துக்கொள்வோம். நிலா கிளம்பி 27.3 நாளில் 360 பாகையை முடித்து, கிளம்பிய நட்சத்திரத்துக்கே வந்து சேர்கிறது. இந்த 27.3 நாளில் சூரியன் சும்மா இருக்கவில்லை. அது 27 பாகை தள்ளிப் போய்விட்டது. சூரியன் தள்ளிப்போனால் அதற்கு நேர் எதிரான இடமும் 27 பாகை தள்ளிப் போய்விடும். நிலா பழைய இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. ஆனால் பௌர்ணமி நடக்கும் இடம் இப்போது அங்கே இல்லை.

நிலா இந்த 27 பாகையையும் எட்டிப் பிடிக்க வேண்டும். நாளுக்கு 13.2 பாகை போனால் ஏறக்குறைய இரண்டு நாளில் முடிந்துவிடுமே என்று தோன்றும். ஆனால் அது ஓடும்போது சூரியனும் நாளுக்கு ஒரு பாகை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே இடைவெளி நாளுக்கு 12.2 பாகை வீதம்தான் குறைகிறது. 27-ஐ 12.2-ஆல் வகுத்தால் 2.2 நாள். அதுதான் அந்த வித்தியாசம். அதை முடிக்கும்போது நிலா மொத்தம் 389 பாகை பயணம் செய்திருக்கும். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையில் நிலா ஒரு முழுச் சுற்றுக்கு மேல் இன்னொரு 29 பாகை அதிகம் போகிறது.

கடிகாரத்தில் இதே கணக்கைப் பார்க்கலாம். பன்னிரண்டு மணிக்கு இரண்டு முட்களும் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன. பெரிய முள் ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்து 12-ஐத் தொடும்போது, சின்ன முள் 1-க்குப் போய்விட்டது. மறுபடி அவை சேர்வது 1 மணி 5 நிமிடம் 27 விநாடியில். பெரிய முள் 12 சுற்றும்போது சின்ன முள் 1 சுற்றுகிறது. இரண்டும் சேர்வது 11 முறை. சுற்றுகளின் எண்ணிக்கையைக் கழித்தால் சேர்க்கைகளின் எண்ணிக்கை வந்துவிடுகிறது.

நிலாவுக்கும் அப்படியே. ஓராண்டில் நிலா நட்சத்திரங்களை 13.37 முறை சுற்றுகிறது. சூரியன் 1 முறை. கழித்தால் 12.37. ஓராண்டில் வரும் பௌர்ணமிகளின் சராசரி அதுதான். ஆண்டொன்றில் சில சமயம் 12 பௌர்ணமியும் சில சமயம் 13 பௌர்ணமியும் வருவது அந்த 0.37-இன் வேலை.

இந்தக் கழித்தலை ஆரியபட்டர் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே ஆரியபடீயத்தில் விதியாகச் சொல்லியிருக்கிறார். ஒரு யுகத்துக்கு, அதாவது 43,20,000 ஆண்டுக்கு, நிலாவின் சுற்றுகள் 5,77,53,336 என்கிறார். சூரியனின் சுற்றுகள் 43,20,000. இரண்டின் வித்தியாசம் 5,34,33,336. அதுவே யுகத்தின் சந்திர மாதங்கள். யுகத்துக்கு அவர் கொடுத்த நாட்கள் 157,79,17,500. நாட்களைச் சந்திர மாதங்களால் வகுத்துப் பார்த்தால் 29.53058 என்று வருகிறது. இன்றைய அளவு 29.53059. ஒரு மாதத்துக்கு ஒரு விநாடிகூடப் பிசகவில்லை.

விழாக்களின் பெயரிலேயே இருக்கிறது

பௌர்ணமி ஒவ்வொரு மாதமும் 29 பாகை தள்ளிப்போகிறது என்றோம். ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை. ஆகவே பௌர்ணமி மாதந்தோறும் இரண்டு நட்சத்திரத்துக்கும் சற்று அதிகமாகக் கிழக்கே தாவுகிறது.

கோயில் விழாக்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். தையில் பூசம். நடுவில் ஆயில்யத்தை விட்டுவிட்டு, மாசியில் மகம். பூரத்தை விட்டு, பங்குனியில் உத்திரம். அஸ்தத்தை விட்டு, சித்திரையில் சித்திரை. சுவாதியை விட்டு, வைகாசியில் விசாகம். ஒன்று விட்டு ஒன்றாகத் தாவும் இந்த வரிசை, நட்சத்திர மாதத்துக்கும் சந்திர மாதத்துக்கும் உள்ள வித்தியாசமேதான். இரண்டும் ஒரே நீளமாக இருந்திருந்தால் எல்லா மாதப் பௌர்ணமியும் ஒரே நட்சத்திரத்தில் வந்திருக்கும்; தைப்பூசம், மாசிப்பூசம், பங்குனிப்பூசம் என்றுதான் கொண்டாடியிருப்போம்.

சரியாக இரண்டு இரண்டாகத் தாவினால் 12 மாதத்தில் 24 நட்சத்திரம்தான் ஆகும். மீதி மூன்றை ஈடுகட்ட ஆங்காங்கே மூன்றாகவும் தாவ வேண்டும். கார்த்திகை மாதத்துக் கார்த்திகைக்கு அடுத்து மார்கழித் திருவாதிரை வருவது அப்படி: ரோகிணி, மிருகசீரிடம் என இரண்டை விட்டு மூன்றாவது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் மாதங்கள் சூரியனின் ராசியை வைத்து வருபவை. அதனால் பௌர்ணமியும் விழாவுக்குரிய நட்சத்திரமும் ஒரே நாளில் சேரும் என்று உறுதி கிடையாது. 2025-இல் மாசிமகம் மார்ச் 12-இலும் பௌர்ணமி 14-இலும் வந்தன. பங்குனி உத்திரம் ஏப்ரல் 11-இல் வந்தது, பௌர்ணமி நிறைவு 13 விடியற்காலை. விழா நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. பௌர்ணமி அதை ஒட்டி ஓரிரு நாள் முன்னும் பின்னும் ஆடுகிறது.

இரண்டே காலா, இரண்டரையா?

இங்கே கூர்மையான வாசகர் ஒரு கேள்வி கேட்பார். சராசரி வித்தியாசம் 2.2 நாள் என்று சொல்லிவிட்டு, தொடக்கத்தில் காட்டிய பூசக் கணக்கில் மட்டும் இரண்டரை நாள் பின்தங்கியது ஏன்?

நிலா ஒரே வேகத்தில் போவதில்லை. அதன் பாதை நீள்வட்டம். பூமிக்கு அருகில் வரும்போது நாளுக்கு 15 பாகை வரை ஓடும். தொலைவில் இருக்கும்போது 12 பாகைக்கும் குறைந்துவிடும். ஒரு நட்சத்திரத்தை அது கடக்க ஒரு நாள் 21 மணி நேரமும் இன்னொரு நாள் 27 மணி நேரமும் எடுத்துக்கொள்வது இதனால்தான்.

2025 ஏப்ரல் 13-ஆம் தேதிப் பௌர்ணமி, நிலா பூமியிலிருந்து மிகத் தொலைவில் இருந்த சமயத்தில் நிகழ்ந்தது. முழு நிலா வழக்கத்தைவிடச் சற்றுச் சிறிதாகத் தெரிந்த இரவு அது. பூச நட்சத்திரத்துக்கு வந்து சேர்ந்த பிறகு மீதி 27 பாகையை எட்டிப்பிடிக்க வேண்டிய நேரத்தில் நிலா தன் மெதுவான நடையில் இருந்தது. நாளுக்கு 11.8 பாகை போய், அதில் சூரியனின் ஒரு பாகையைக் கழித்தால் 10.8. 27-ஐ 10.8-ஆல் வகுத்தால் இரண்டரை. நாள்காட்டி சொன்னதும் அதுவே. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் பௌர்ணமிகளுக்கு இடையே இருந்த இடைவெளி 29 நாள் 17 மணி நேரம். சராசரியைவிட நாலரை மணி நேரம் கூடுதல்.

நிலா விரைந்து ஓடும் பகுதியில் பௌர்ணமி விழுந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். சந்திர மாதம் 29 நாள் ஆறரை மணி நேரமாகக் குறையவும், 29 நாள் 20 மணி நேரமாகக் கூடவும் செய்யும். எனவே ஒரே ஒரு மாதத்தை அளந்து 29.53 கிடைக்கவில்லையே என்று குழம்ப வேண்டியதில்லை. பல மாதங்களை அளந்து சராசரி எடுத்தால்தான் அந்த எண் வரும்.

இதைக் கண்ணாலேயே சோதித்துப் பார்க்கலாம். நிலா ரோகிணிக்கோ கேட்டைக்கோ பக்கத்தில் நிற்கும் ஓர் இரவில் நேரத்தையும் பிறையின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் செந்நிறமாகப் பளிச்சென்று தெரியும் விண்மீன்கள். 27 நாள் கழித்து அதே நேரத்தில் பாருங்கள். நட்சத்திர மாதத்தில் இன்னும் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பாக்கி இருப்பதால், நிலா அந்த விண்மீனுக்கு நான்கு பாகை போல மேற்கே நிற்கும். எட்டு நிலாக்களை வரிசையாக வைத்தால் வரும் தூரம். பிறையோ அன்று பார்த்ததைவிட இரண்டு மூன்று திதி முந்தைய வடிவில் இருக்கும். வளர்பிறையானால் மெலிந்தும், தேய்பிறையானால் பருத்தும் தெரியும்.

நிலாவில் ஒரு நாள்

இந்த இரண்டு மாதங்களைக் குழப்பிக்கொண்டால் கணக்கு எங்கே பிசகும் என்பதற்குச் சந்திரயான்-3 நல்ல எடுத்துக்காட்டு.

நிலா தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளவும் 27.3 நாள்தான் ஆகிறது. பூமியைச் சுற்றும் காலமும் தன்னைச் சுற்றும் காலமும் ஒன்றாக இருப்பதால்தான் நமக்கு எப்போதும் அதன் ஒரே முகம் தெரிகிறது. அப்படியானால் நிலாவில் ஒரு விடியலிலிருந்து அடுத்த விடியல் வரை 27.3 நாள்தானே என்று தோன்றும். இல்லை. நிலாவில் நிற்கும் ஒருவருக்கு ஒரு நட்சத்திரம் உச்சிக்குத் திரும்பி வர 27.3 நாள் போதும். ஆனால் அதற்குள் நிலாவும் பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றி 27 பாகை நகர்ந்துவிட்டதால், சூரியன் உச்சிக்கு வர இன்னும் 2.2 நாள் வேண்டும். நிலாவின் பகலும் இரவும் சேர்ந்த முழு நாள் 29.5 நாள், பகல் மட்டும் கிட்டத்தட்ட 15 நாள்.

விக்ரம் தரையிறங்கியது 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மாலை, அந்த இடத்தில் பகல் தொடங்கிய வேளையில். சூரிய ஒளியில் இயங்கும் கருவி என்பதால் ஒரு நிலாப் பகல்தான் அதற்கு ஆயுள் என்று திட்டமிட்டிருந்தார்கள். செப்டம்பர் 2-இல் பிரக்யான் ஊர்தியையும், 4-ஆம் தேதி விக்ரமையும் உறக்க நிலைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த விடியலை இஸ்ரோ எதிர்பார்த்த நாள் செப்டம்பர் 22. ஆகஸ்ட் 23-இலிருந்து எண்ணினால் 30 நாள். நிலாவின் சுழற்சியை மட்டும் நம்பி 27 நாளில் விடியும் என்று கணக்குப் போட்டிருந்தால் செப்டம்பர் 19 அல்லது 20 என்று வந்திருக்கும். அப்போது அந்த இடம் இன்னும் இருட்டில்தான் இருந்திருக்கும். கடுங்குளிர் இரவைத் தாண்டி இரு கருவிகளும் விழிக்கவில்லை. ஆனால் விடியல் கணக்கு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி எண்ணும் அதே சந்திர மாதக் கணக்குத்தான்.

மூன்றும் சேரும் ஆண்டு

இப்படி நட்சத்திரம் ஒரு வேகத்திலும் திதி ஒரு வேகத்திலும் போனால், தேதியோடு சேர்ந்து மூன்றும் மறுபடி ஒன்றுகூடும் நாள் உண்டா?

உண்டு, 19 ஆண்டுக்கு ஒருமுறை. 254 நட்சத்திர மாதங்களும் 235 சந்திர மாதங்களும் ஏறக்குறைய ஒரே நீளம்: 6,939 நாளும் சில மணி நேரமும். 19 சூரிய ஆண்டுகளும் அதே அளவுதான். 254-இலிருந்து 235-ஐக் கழித்தால் 19 என்பது தற்செயல் அல்ல. கடிகார முட்களில் பார்த்த அதே கழித்தல். கிரேக்க வானியலாளர் மெட்டன் கி.மு. 432-இல் ஏதென்ஸில் இந்தச் சுழற்சியை அறிவித்ததால் அதற்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. பாபிலோனியர்களும் இந்த 19 ஆண்டுக் கணக்கைத் தங்கள் நாள்காட்டியில் கையாண்டார்கள்.

2006-இல் பிப்ரவரி மாதப் பௌர்ணமி 13-ஆம் தேதி. 19 ஆண்டு கழித்து 2025-இல் அது பிப்ரவரி 12. லீப் வருடங்களின் இடமாற்றத்தாலும் நிலாவின் வேக மாற்றத்தாலும் ஒரு நாள் இப்படி முன்பின் ஆகும். அதற்கு மேல் பொதுவாகப் போகாது.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் ஜாதகத்தை எடுத்துப் பாருங்கள். பிறந்த நட்சத்திரமும் திதியும் அதில் எழுதியிருக்கும். மற்ற ஆண்டுகளில் ஆங்கிலத் தேதிப்படி வரும் பிறந்தநாளில் நட்சத்திரமும் வேறாக இருக்கும், திதியும் வேறாக இருக்கும். அந்தப் பிள்ளைக்கு 19 வயது நிறையும் நாளில் மட்டும் பஞ்சாங்கத்தைத் திறந்தால், அதே தேதியில், தவறினால் அதற்கு முன்னாளோ மறுநாளோ, அதே நட்சத்திரமும் அதே திதியும் அச்சாகியிருக்கும். அதற்குள் நிலா பூமியை 254 முறை சுற்றியிருக்கும். பௌர்ணமி வந்திருப்பதோ 235 முறைதான்.